அட்வான்ஸ் கொடுத்த தேதியும் ஈ.சி.யில் இருக்கும் தேதியும்: நிலத் தகராறு எப்போது மோசடி வழக்காகும்?

நிலம் வாங்க அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் கேட்கும் வார்த்தை, "இது சிவில் மேட்டர்ங்க, கோர்ட்டுக்குப் போங்க" என்பதுதான். பல சமயம் அது தட்டிக்கழிப்பு. பல சமயம் அது சரியான பதிலும்கூட. இரண்டில் எது என்று தெரியாததால், கிரிமினல் வழக்குக்குத் தகுதியான புகார்தாரர் வெறுங்கையோடு திரும்புகிறார். சிவில் வழக்கு மட்டுமே போடவேண்டியவர் இரண்டு வருடம் கமிஷனர் அலுவலகத்துக்கு நடந்துவிட்டு, சிவில் வழக்குக்கான காலக்கெடுவையும் தவறவிடுகிறார்.

இந்த வித்தியாசம் தொகையைப் பொறுத்ததல்ல. எதிராளி எவ்வளவு மோசமானவர் என்பதையும் பொறுத்ததல்ல. பெரும்பாலும் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில், அதாவது பி.என்.எஸ்.-இல், 318(4) ஆகிவிட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றைக்குப் புகார் கொடுத்தாலும் பழைய 420-தான் பொருந்தும். எண் மாறினாலும் சாரம் மாறவில்லை. ஒருவர் பொய்யான ஒன்றைச் சொல்லி நம்பவைத்திருக்க வேண்டும். அதை நம்பித்தான் நீங்கள் பணத்தையோ சொத்தையோ கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்திலேயே அவர் மனதில் ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தபோது நேர்மையாகக் கொடுத்து, பிறகு மனம் மாறி மீறினால் அது ஒப்பந்த மீறல். ஆரம்பத்திலேயே எண்ணம் இருந்ததா என்பதுதான் அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த மோசடித் தீர்ப்புகள் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கின்றன.

மனதில் என்ன இருந்தது என்பதைப் போலீஸ் எப்படிப் பார்க்கும்? காகிதத்தின் வழியாகத்தான். ஓர் உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு மனை, ஒரு அக்ரிமெண்ட், மூன்று முடிவுகள்

செங்கல்பட்டுப் பக்கம் 1,200 சதுர அடி மனை. விலை 36 லட்சம். 2024 ஆகஸ்ட் 12 அன்று கிரைய ஒப்பந்தம் எழுதி, 6 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கப்படுகிறது. நான்கு லட்சம் வங்கி வழியாக, இரண்டு லட்சம் ரொக்கமாக. நான்கு மாதத்தில் மீதியைக் கொடுத்துக் கிரையம் செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் வழக்கமான வரி இருக்கிறது: "மேற்படி சொத்து எவ்வித வில்லங்கத்துக்கும் உட்படவில்லை, இதற்கு முன் யாருக்கும் கிரையமோ ஒப்பந்தமோ செய்து கொடுக்கவில்லை." டிசம்பரில் விற்பவர் சாக்குச் சொல்கிறார், பிறகு போனை எடுப்பதில்லை. வாங்குபவர் 2025 ஜனவரியில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., போட்டுப் பார்க்கிறார்.

முதல் வகை: வில்லங்கச் சான்றில் எதுவுமே இல்லை. சொத்து இன்னும் விற்பவர் பெயரில்தான் இருக்கிறது. விலை ஏறிவிட்டது, 36-க்குக் கொடுக்க மனமில்லை. இது சிவில். அட்வான்ஸ் வாங்கிய நாளில் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொத்து அவருடையது, வில்லங்கம் இல்லை, விற்கும் எண்ணமும் இருந்திருக்கலாம். இங்கே 'ஏற்றதை ஆற்றக் கோரும்' வழக்கு, அதாவது ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரச் சொல்லும் வழக்கு, போடவேண்டும். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். தேதி குறிக்கவில்லை என்றால், அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. மீதி 30 லட்சத்தோடு நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதனால் டிசம்பர் 12-க்கு முன்பே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும், அந்த நேரத்தில் வங்கிக் கணக்கில் பணமோ லோன் அனுமதிக் கடிதமோ இருந்ததும் பெரிய பலம். இந்த வகையில் ஸ்டேஷனுக்கு அலைவது காலவிரயம்.

இரண்டாம் வகை: 2024 மார்ச் 21 அன்றே அதே மனையை வேறொருவருக்கு அவர் கிரையம் செய்து கொடுத்திருக்கிறார். ஆகஸ்ட் 12-இல் "யாருக்கும் கிரையம் செய்யவில்லை" என்று கையெழுத்துப் போட்டது அந்த நிமிடத்திலேயே பொய். அவருக்கும் அது பொய் என்று தெரியும், கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தானே. இது 318(4)-க்குச் சரியாகப் பொருந்தும். இங்கே "சிவில் மேட்டர்" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

எதிர்த்தரப்பு இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. பதிவான பத்திரம் ஊரறிந்த ஆவணம், வில்லங்கச் சான்று போட்டிருந்தால் மார்ச் கிரையம் தெரிந்திருக்கும், தெரிந்தேதான் பணம் கொடுத்தார் என்பார்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது விற்பவர் உங்களுக்கு ஒரு ஈ.சி. நகல் கொடுத்திருப்பார் அல்லவா? அதை எடுத்து எந்தத் தேதி வரை தேடப்பட்டது என்று பாருங்கள். 2024 பிப்ரவரி வரை மட்டும் எடுத்த ஈ.சி.யை ஆகஸ்டில் காட்டியிருந்தால், அந்தக் காகிதமே அவருடைய எண்ணத்துக்குச் சாட்சி. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாம் வகைதான் கடினம். வில்லங்கச் சான்றில் இருக்கும் கிரையம் 2024 நவம்பர் 20 அன்று பதிவாகியிருக்கிறது. உங்கள் அக்ரிமெண்டுக்குப் பிறகு. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒப்பந்த மீறல்தான். அதிக விலைக்கு ஆள் கிடைத்ததும் மாற்றி விற்றுவிட்டார், ஆகஸ்டில் எண்ணம் சுத்தமாக இருந்திருக்கலாம் என்று வாதாட வழியிருக்கிறது. பல புகார்கள் இந்த இடத்தில்தான் மூடப்படுகின்றன.

ஆனால் மூடுவதற்கு முன் ஈ.சி.யின் தேதிக் கட்டத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் மூன்று தேதிகள் இருக்கும்: எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவு நாள். பலரும் கடைசித் தேதியை மட்டும் பார்க்கிறார்கள். பதிவுச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம். 47-வது பிரிவுப்படி, பதிவானபின் அந்தப் பத்திரம் பதிவு நாளிலிருந்து அல்ல, எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே அமலுக்கு வரும். இப்போது அந்த நவம்பர் பத்திரத்தில் எழுதிக்கொடுத்த நாள் 2024 ஆகஸ்ட் 5 என்று இருந்தால்? உங்களிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் வேறொருவருக்குக் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதுவரை மூன்றாம் வகையாக இருந்தது இரண்டாம் வகையாக மாறிவிடுகிறது. அதோடு, ஆகஸ்டில் நீங்கள் ஈ.சி. போட்டிருந்தாலும் அது தெரிந்திருக்காது. அதனால் "நீ பார்த்திருக்க வேண்டும்" என்ற வாதமும் நிற்காது.

அதனால் ஈ.சி.யோடு நிறுத்தாமல் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்கிவிடுங்கள். நகலில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஸ்டாம்ப் பேப்பர் எந்தத் தேதியில், யார் பெயரில் வாங்கப்பட்டது என்பது முதலாவது. அடுத்தது, விலை எப்படிக் கொடுக்கப்பட்டது என்ற பத்தி. "2024 ஜூன் மாதம் 10-ம் தேதி காசோலை மூலம் முன்பணமாகப் பெற்றுக்கொண்ட" என்று ஒரு வரி அதில் இருந்தால், எழுதிக்கொடுத்த நாள் நவம்பராகவே இருந்தாலும், உங்களிடம் அட்வான்ஸ் வாங்கும்போது அவர் ஏற்கெனவே இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார் என்று தெரிந்துவிடும். "யாருக்கும் ஒப்பந்தம் செய்யவில்லை" என்ற வரி அங்கே பொய்யாகிறது. மூன்றாவது, சாட்சிகளின் பெயர். உங்கள் அக்ரிமெண்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட புரோக்கரே அதிலும் இருந்தால், அவருடைய பங்கும் விசாரணைக்குரியது.

இதில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், மூன்றாம் வகையை சிவிலாகவே நடத்துங்கள். வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் அவருக்குத் தெரியாது, அவர் முழு விலை கொடுத்து நேர்மையாக வாங்கினார் என்றால் சொத்து கிடைக்காது, அட்வான்ஸும் வட்டியும்தான். உங்கள் அக்ரிமெண்ட் பதிவானதாக இருந்தால் அவர் "தெரியாது" என்று சொல்வது கடினம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இருந்தும் பதிவில்லாமல் எழுதுவது நிற்கவில்லை. பதிவில்லாத ஒப்பந்தம் வைத்திருப்பவர் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. மோசடிப் புகாருக்கும் அது தடையில்லை.

வங்கி அடமானம் மறைக்கப்பட்டிருந்தாலும் இதே கணக்குதான். "பத்திரம் பேங்கில் இருக்கிறது, உங்கள் பணத்தில் மீட்டுத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் சிவில். மூலப் பத்திரத்தின் கலர் ஜெராக்ஸைக் காட்டி "வீட்டில் பீரோவில் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் மோசடி.

ஏமாந்தது யார்?

நில உரிமையாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஆண்டுக்கணக்கில் வெளியூரில் இருந்துவிட்டு வந்து பார்த்தால், தன் நிலத்தை யாரோ யாருக்கோ விற்றிருக்கிறார். உடனே "போலிப் பத்திரம், மோசடி" என்று புகார். நியாயமான கோபம்தான். ஆனால் சட்டம் முதலில் கேட்கும் கேள்வி வேறு: அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் பெயரில் போட்டார்?

2009-இல் முகமது இப்ராஹிம் எதிர் பீகார் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. ஒருவர் உங்கள் நிலத்தைத் 'தன்னுடையது' என்று சொல்லி, தன் சொந்தப் பெயரில் தானே கையெழுத்துப் போட்டு விற்றால், அது சட்டம் சொல்லும் 'பொய் ஆவணம்' அல்ல. ஆவணத்தை எழுதியவர் யார் என்பதில் பொய் இல்லை, உரிமையில்தான் பொய் இருக்கிறது. ஆகவே போலி ஆவணக் குற்றம் வராது. ஏமாற்றப்பட்டவரும் நீங்கள் அல்ல. அவர் பொய்யை நம்பிப் பணம் கொடுத்தவர், அதாவது வாங்கியவர், ஏமாந்தவர். அவர் மோசடிப் புகார் கொடுக்கலாம். உங்களிடம் யாரும் எதையும் சொல்லி எதையும் வாங்கவில்லை. உங்களுக்கு உள்ள வழி, நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிக்கச் சொல்லும் 'உரிமை விளம்புகை' சிவில் வழக்கு. நிலத்துக்குள் புகுந்து வேலியைப் பிடுங்கினால் அத்துமீறல் புகார் தனி.

விற்பவரும் வாங்குபவரும் கூட்டாளிகளாக இருக்கும்போது, வாங்கியவர் புகார் கொடுக்கவே மாட்டார். உரிமையாளருக்கு இது கசப்பான நிலைமை. ஆனால் 420, 467, 471 என்று எல்லாப் பிரிவையும் அடுக்கிய புகார் உயர் நீதிமன்றத்தில் ரத்தாவதைவிட, சிவில் வழக்கை முதல் மாதத்திலேயே போட்டு, மேற்கொண்டு விற்கத் தடையாணை வாங்கி, அதன் நகலைச் சார்பதிவாளரிடமும் சேர்ப்பது நிலத்தைக் காப்பாற்றும்.

ஆள்மாறாட்டம் முழுக்க வேறு. உங்கள் பெயரில், நீங்கள்தான் என்று சொல்லி வேறொருவர் வந்து உட்கார்ந்து கையெழுத்தும் கைரேகையும் வைத்திருந்தால், அது பொய் ஆவணம்தான். பி.என்.எஸ். 319 ஆள்மாறாட்ட மோசடி, 336, 338, 340 போலி ஆவணம் தயாரித்தல், பயன்படுத்துதல், அதோடு பதிவுச் சட்டம் 82. இங்கே உரிமையாளரே நேரடியாகப் புகார் கொடுக்கலாம். இறந்துபோன தந்தை உயிரோடு வந்து பவர் எழுதிக்கொடுத்ததாக இருந்தாலும் இதே நிலைதான். அப்போது இறப்புச் சான்றிதழும் பத்திரத் தேதியும் மட்டுமே வழக்கைப் பாதி முடித்துவிடும்.

கையெழுத்தைவிடக் கைரேகைதான் இதில் வலுவான சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல்ரேகைப் பதிவேடு தனியாக உண்டு. எழுதிக்கொடுப்பவர் பத்திரத்தில் வைப்பதோடு அந்தப் பதிவேட்டிலும் ரேகை வைக்க வேண்டும். பத்திரத்தின் நகலில் ரேகை மங்கலாக விழுந்திருக்கும், ஒப்பிட உதவாது. அதனால் புகாரிலேயே ஒரு வரி எழுதுங்கள்: "இந்த ஆவண எண்ணுக்குரிய விரல்ரேகைப் பதிவேட்டைக் கைப்பற்றி, என் ரேகையோடு விரல்ரேகை நிபுணரைக் கொண்டு ஒப்பிடக் கோருகிறேன்." விசாரணை அதிகாரிக்கு வேலை எளிதாகிறது. எந்தப் பக்கம் திரும்புவது என்று அவரும் தேடவேண்டியதில்லை.

ஆள்மாறாட்டப் புகாரிலும் ஒரு பள்ளம் உண்டு. வந்து உட்கார்ந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்காமல், அந்தப் பத்திரத்தால் பலன் அடைந்தவரை மட்டும் போலி ஆவணம் தயாரித்தவராகக் காட்டினால் வழக்கு நிற்காது. பொய் ஆவணத்தை உண்டாக்கியவரே அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட பவர் பத்திர வழக்கொன்றில் சொல்லிவிட்டது. ஆகவே பத்திரத்தில் ஒட்டிய போட்டோ, "இவரைத் தெரியும்" என்று கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகள், அடையாளத்துக்குக் கொடுத்த அட்டை, பத்திரம் எழுதியவரின் பெயரும் உரிம எண்ணும் என எல்லாவற்றையும் புகாரில் குறிப்பிடுங்கள். அந்த ஆளிடம் போய்ச் சேரும் பாதை பெரும்பாலும் சாட்சிகள் வழியாகத்தான்.

குடும்பச் சொத்தில் வரும் புகார் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அக்காவை விட்டுவிட்டுத் தம்பி வாரிசுச் சான்று வாங்கி முழு நிலத்தையும் விற்கிறார். தாசில்தார் உண்மையாகவே கொடுத்த சான்று அது என்றால், அது போலி ஆவணம் அல்ல, பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய சான்று. அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்கு அந்த அதிகாரிதான் கோர்ட்டில் புகார் கொடுக்க முடியும், அக்கா கொடுக்க முடியாது. அக்காவுக்குப் பாகப்பிரிவினை வழக்கே நேர்வழி. சான்றின் வரிசை எண்ணை வைத்துத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு, "இப்படி ஒரு சான்று வழங்கப்படவே இல்லை" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தால் கதை மாறுகிறது. அப்போது அது தயாரிக்கப்பட்ட போலி. அந்தப் பதில் கைக்கு வரும்வரை காத்திருந்து புகார் கொடுப்பது நல்லது.

"பதிவே ஆகிவிட்டதே, சப்-ரிஜிஸ்ட்ரார் பார்த்துத்தானே பதிவு செய்தார்?" என்று வாங்கியவர்கள் கேட்பதுண்டு. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-அ(i)-ஐ ரத்து செய்தபோதும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்க் கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல.

புகாரை எழுதுவது

புகார் மனு மூன்று பக்கத்தைத் தாண்டினால் படிப்பவர் களைத்துவிடுவார். பிரிவு எண்களை நீங்கள் போட வேண்டியதே இல்லை. தேவையற்ற பிரிவுகள் மனுவைப் பலவீனமாக்கும். பணத்தை ஒப்படைத்து அதைக் கையாடினால் வரும் நம்பிக்கை மோசடியும், ஆரம்பமே பொய்யான ஏமாற்று மோசடியும் ஒரே செயலில் சேர்ந்து வராது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் மீண்டும் வலியுறுத்தியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றாகிவிடும்.

நாம் அடிக்கடி பார்க்கும் மனுவில் இப்படி ஒரு வரி இருக்கும்: "மேற்படி நபர் என்னை நயவஞ்சகமாக ஏமாற்றி ஆறு லட்சத்தை அபகரித்துக்கொண்டு தர மறுக்கிறார்." இதில் தகவல் எதுவும் இல்லை, முடிவுதான் இருக்கிறது. 'தர மறுக்கிறார்' என்ற சொல் அதைக் கடன் தகராறு ஆக்கிவிடுகிறது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"12.08.2024 அன்று காலை சுமார் 11 மணிக்கு, எதிர்மனுதாரரின் வீட்டில், புரோக்கர் முன்னிலையில், இந்த மனையை இதற்கு முன் யாருக்கும் விற்கவில்லை என்று எதிர்மனுதாரர் கூறினார். அதையே ஒப்பந்தத்தின் நான்காம் பத்தியிலும் எழுதிக் கையெழுத்திட்டார். 2024 பிப்ரவரி வரையிலான வில்லங்கச் சான்றைக் காட்டினார். அதை நம்பி அன்றே நான்கு லட்சத்தை வங்கி வழியாகவும் இரண்டு லட்சத்தை ரொக்கமாகவும் கொடுத்தேன். ஆனால் 21.03.2024 அன்றே அவர் அதே மனையை வேறொருவருக்குக் கிரையம் செய்திருப்பதை 09.01.2025 அன்று வில்லங்கச் சான்று மூலம் அறிந்தேன். உண்மை தெரிந்திருந்தால் பணம் கொடுத்திருக்க மாட்டேன்."

யார், எப்போது, என்ன சொன்னார், அது சொன்ன நாளிலேயே ஏன் பொய், எதை நம்பி எதைக் கொடுத்தேன், எப்போது தெரிந்தது என எல்லாம் வந்துவிட்டது. எதிரி பின்னால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 528-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகும்போது, நீதிபதி முதலில் படிப்பது இந்தப் பத்தியைத்தான். எழுதியதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். ஆரம்பப் பொய் அதில் இல்லையென்றால், கையில் எவ்வளவு ஆவணம் இருந்தாலும் அந்த இடத்தில் உதவாது.

ரொக்கம் கொடுத்ததை மறைக்காதீர்கள். அன்றோ முந்தைய நாளோ வங்கியில் எடுத்த கணக்குக் குறிப்பை இணையுங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. அந்த அபராதம் ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டவர் மீதுதான். ஏற்கெனவே போட்ட சிவில் வழக்கு இருந்தால் அதன் எண்ணையும் எழுதிவிடுங்கள். ஒரே செயலில் சிவில் பரிகாரமும் கிரிமினல் குற்றமும் சேர்ந்தே இருக்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. மறைத்தால் மட்டும் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

கொடுத்த பிறகு

உள்ளூர் ஸ்டேஷனில் கொடுக்கலாம். தொகை பெரிது என்றால் மாநகரில் மத்தியக் குற்றப்பிரிவு, மாவட்டத்தில் மாவட்டக் குற்றப்பிரிவு, அங்குள்ள நில மோசடிப் பிரிவு பார்க்கும். எங்கே கொடுத்தாலும் மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். அசல் பத்திரங்களை மனுவோடு இணைக்க வேண்டாம், நகல் போதும். அசலைக் கேட்டால் பட்டியல் எழுதி ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வணிகத் தன்மையுள்ள புகார்களில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று 2013-இன் லலிதா குமாரி தீர்ப்பு அனுமதிக்கிறது. பின்னர் அதற்கு உச்ச வரம்பாக ஆறு வாரம் குறிக்கப்பட்டது. இந்த விசாரணைக்குள்தான் பெரும்பாலான நல்ல புகார்கள் உயிர்விடுகின்றன. இரு தரப்பையும் கூப்பிடுவார்கள். எதிராளி "மூணு மாசத்துல கொடுத்துடறேன் சார்" என்பார். ஒரு வெள்ளைத்தாளில், "எதிர்மனுதாரர் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி உங்கள் கையெழுத்து வாங்கப்படும். மனு முடிக்கப்படும். மூன்று மாதம் கழித்துப் போனால், நீங்களே கையெழுத்திட்ட தாள் இது கடன் தகராறு என்று சொல்லும். பணத்தை வசூலித்துக் கொடுக்கும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. உண்மையாகவே சமாதானம் என்றால் முழுத்தொகையும் வங்கியில் வந்தபின் எழுதிக்கொடுங்கள். தவணைக்குச் செக் கொடுத்தால், "இதனால் என் புகார் கைவிடப்படவில்லை" என்ற வரியோடு வாங்குங்கள். அந்தச் செக் திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்ற தனிக் கெடு ஓடத் தொடங்கும்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அடுத்த படி, புகாரின் சாரத்தை எஸ்.பி.க்குப் பதிவுத்தபாலில் அனுப்புவது. பி.என்.எஸ்.எஸ். 173(4) அதைச் சொல்கிறது. அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் முன் 175(3)-இன் கீழ் பிரமாணப் பத்திரத்தோடு மனு. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் மனு அங்கேயே நிற்கும். அதனால் தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வையுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரித்தபின் "சிவில் தன்மையுடையது" என்று முடித்தால், அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் உங்களுக்கு வரும். அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. அதே கோர்ட்டில் ஆட்சேப மனு போடலாம். எந்த ஆவணம் கைப்பற்றப்படவில்லை, எந்தச் சாட்சி விசாரிக்கப்படவில்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

கிரிமினல் கோர்ட் தண்டனை கொடுக்கலாம், பத்திரத்தை ரத்து செய்து நிலத்தை உங்கள் பெயருக்குத் திருப்பித் தராது. போலிப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 77-அ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்று அறிவித்தது. ஆகவே பத்திரத்தின் மேல் தீர்ப்பு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்தான். பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். அந்த நாள் எது என்று பின்னால் வாதாட முடியாது, ஏனென்றால் போலீஸ் புகாரில் "09.01.2025 அன்று அறிந்தேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மனுவின் நகலைத்தான் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்வார். 2028 ஜனவரி 9-ஐ இன்றைக்கே காலண்டரில் குறித்துக்கொண்டு, கிரிமினல் வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அதற்கு முன் சிவில் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.